தங்கை திருமணம், கார், வீடு: 14 லட்சத்துக்கு எது முதலில்?

கேள்வி: "வயது 31. ஓசூரில் தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 72,000. வீட்டு வாடகை 11,000. தர்மபுரியில் பெற்றோருக்கு அனுப்புவதும் போக மாதம் 28,000 மிச்சமாகிறது. இதுவரை சேர்த்தது 14 லட்சம் (வங்கி வைப்பு 9, பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்ட் 3, சீட்டு 2). அடுத்த வைகாசியில் தங்கை திருமணம், என் பங்கு 10 லட்சம், 5 பவுன் நகையும் அதில் அடக்கம். அப்பாவுக்கு மூட்டு வலி, ஒரு கார் இருந்தால் நல்லது. சொந்த வீடும் வாங்க வேண்டும், 40 லட்சத்தில் ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறேன். எதை முதலில் செய்வது?"

நான் வங்கியில் கடன் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மூன்றையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு என் மேசைக்கு வந்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் எது முக்கியம் என்று தங்களையே கேட்டுக்கொண்டுதான் வரிசையை முடிவு செய்திருந்தார்கள். அப்படிக் கேட்டால் விடை கிடைக்காது, மூன்றுமே முக்கியம்தான். நான் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்பேன். அந்தச் செலவின் தேதி யார் கையில் இருக்கிறது? கையில் பணம் இல்லாமல் போனால் அந்தச் செலவுக்கு எந்த வகைக் கடன் கிடைக்கும், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்? தேதி நம் கையில் இல்லாததும் கடன் விலை அதிகமானதும் எதுவோ, சேமிப்பு முதலில் அங்கேதான் போக வேண்டும். தேதி நம் கையிலும், கடன் மலிவாகவும் இருப்பது காத்திருக்கும்.

இந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் கணக்கில் வைத்துப் பார்த்தால் திருமணம் தானாகவே முன்னே வந்து நிற்கிறது. வைகாசி முகூர்த்தத்தை நீங்கள் தனியாகத் தள்ளிப்போட முடியாது. அதற்குக் கிடைக்கும் கடன் தனிநபர் கடன்தான். ஆண்டுக்கு 13 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக்கு 10 லட்சம் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 22,750 ரூபாய் வரும், மொத்தம் 13 லட்சத்து 65 ஆயிரம் கட்டி முடிப்பீர்கள். வீட்டுக் கடனோ 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டுக்குக் கிடைக்கும்போது லட்சத்துக்கு 868 ரூபாய்தான் தவணை. சேமிப்பை எல்லாம் வீட்டில் போட்டுவிட்டுத் திருமணத்துக்குக் கடன் வாங்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இரண்டு தவணையும் சேர்ந்து மாதம் 50,000 ரூபாயைத் தாண்டும் என்பதை அவரிடம் காட்டுங்கள். 72,000 சம்பளத்துக்கு அதை எந்த வங்கியும் ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொண்டாலும் உங்களால் தாங்க முடியாது.

ஆனால் திருமணம் முதலில் என்பதற்கும், திருமணத்துக்கு 10 லட்சம் என்பதற்கும் இடையில் தூரம் இருக்கிறது. தேதி உங்கள் கையில் இல்லை, தொகையில் ஒரு பகுதி உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பத்து லட்சத்தை ஒரு தாளில் பிரித்து எழுதச் சொல்லி வீட்டாரிடம் கேளுங்கள். எழுதிப் பார்க்கும்வரை அது ஒரு மதிப்பீடு மட்டுமே. சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். இலைக்கு 300 ரூபாய் என்று வைத்தால், வரவேற்பு இரவுக்கும் முகூர்த்தக் காலைக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு 600 ரூபாய். அழைப்பில் 150 பேர் குறைந்தால் 90,000 மிஞ்சுகிறது. மண்டபத்தின் அளவும் அதோடு குறையும், அலங்காரமும் குறையும். இப்படி ஒன்றரை லட்சம் குறைந்து எட்டரை லட்சத்தில் நின்றால், உங்கள் சேமிப்பு வேகத்தில் அது ஐந்து மாதத்துக்கும் மேல். வீடு அத்தனை மாதம் முன்னால் வருகிறது என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், வெறும் சிக்கனம் என்று பேசுவதைவிட அது அவர் மனதில் ஏறும்.

நகைப் பகுதி சற்று வேறு மாதிரியானது. அங்கே பேசி முடிவு செய்வது பவுன் எண்ணிக்கை, ரூபாய் அல்ல. 2025 தொடக்கத்தில் 57,000 ரூபாய் அளவில் இருந்த ஒரு பவுன் அதே ஆண்டு அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்தப் பத்து மாத இடைவெளியில் திருமணம் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு, 5 பவுனுக்கு மட்டும் 1 லட்சத்து 65 ஆயிரம் கூடிப்போயிருக்கும். இனி ஏறுமா இறங்குமா என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் திட்டம் உடையாமல் இருப்பதுதான் வேண்டியது. பவுன் எண்ணிக்கை முடிவாகிவிட்டது என்றால் பாதி நகையை இப்போதே எடுத்துவிடுங்கள், மீதியை மாசி பங்குனியில் எடுக்கலாம். நாணயமாக வாங்கி வைத்துப் பிறகு நகையாக மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வங்கியில் வாங்கிய நாணயத்தை வங்கி திரும்ப வாங்காது. கடையில் மாற்றும்போது செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் அப்போதுதான் ஏறும். சேதாரம் 8 விழுக்காட்டிலிருந்து 20 வரை கடைக்குக் கடை, வேலைப்பாட்டுக்கு வேலைப்பாடு மாறுவதால், விலை கேட்கும்போது பவுன் விலையோடு நிறுத்தாமல் எல்லாம் சேர்ந்த பில் தொகையைக் கேளுங்கள். அம்மாவிடம் அணியாத பழைய நகை இருந்தால் அதைக் கொடுத்து மாற்றுவது இந்தக் கணக்கைப் பெரிதும் இளக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த 5 பவுன் நீங்கள் விரும்பிப் போடுவதாக இருந்தால் மேலே சொன்னது பொருந்தும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவதாக இருந்தால் அது வரதட்சணை, 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்பதும் கொடுப்பதும் குற்றம். கணக்கு அளவிலும் அது ஆபத்தான செலவு, ஏனென்றால் கேட்டு வாங்கத் தொடங்கியவர்களிடம் தொகை முடிவாவதே இல்லை.

திருமண நாளோடு செலவு முடிந்துவிடும் என்று கணக்குப் போடுவதும் வழக்கமாக நடக்கும் பிழை. தலைத்தீபாவளி, பொங்கல் சீர், ஆடிச் சீர், வளைகாப்பு, முதல் பிரசவம் தாய்வீட்டில் என்று முதல் இரண்டு ஆண்டுகளில் வருவது சிறுசிறு தொகைகளாக வருவதால் யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு லட்சத்தை அதற்கென்று இப்போதே ஒதுக்கிவிடுங்கள். மொய்ப் பணத்தை மட்டும் வரவில் சேர்க்காதீர்கள். என் உறவினர் ஒருவர் மொய் நாலு லட்சம் வரும் என்று நம்பி, சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் கொடுக்க அறுபது நாள் தவணையில் கைமாற்று வாங்கினார். வந்தது இரண்டரை லட்சம். மீதி ஒன்றரை லட்சத்துக்கு நூற்றுக்கு ஐந்து மாத வட்டி என்று ஓராண்டு கட்டினார், அதாவது 90,000 ரூபாய் வட்டியாகவே போனது. வந்த மொய்யும் உங்கள் பணம் அல்ல. மொய் நோட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பி எழுத வேண்டும். அது தேதி தெரியாத கடன்.

அடுத்தது வீடு. இங்கேதான் நான் அதிகம் பேர் தவறியதைப் பார்த்திருக்கிறேன். 40 லட்சம் வீட்டுக்கு வங்கி 80 விழுக்காடு தரும், 8 லட்சம் கையில் இருந்தால் போதும் என்று கணக்குப் போடுவார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 80 விழுக்காடுதான் உச்சவரம்பு என்பது உண்மை. ஆனால் அந்த மதிப்பில் முத்திரைத்தாள் செலவும் பதிவுக் கட்டணமும் சேராது. தமிழ்நாட்டில் பழைய வீடு ஒன்றைக் கிரயம் பண்ண முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காடு. 40 லட்சத்துக்கு அது 3 லட்சத்து 60 ஆயிரம். சட்டக் கருத்து, மதிப்பீடு, கடன் நடைமுறைக் கட்டணம், அடமானப் பதிவு, தரகு, குடிபோவதற்கு முன் செய்ய வேண்டிய வெள்ளை அடிப்பு, குழாய் வேலை எல்லாம் சேர்ந்து 2 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 13 லட்சத்து 60 ஆயிரம். இது எட்டு லட்சம் அல்ல.

அதற்கும் மேல் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வங்கி எடுத்துக்கொள்வது விற்பவர் சொல்லும் விலையை அல்ல. ஒப்பந்த விலை, தன் மதிப்பீட்டாளர் தரும் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். விற்பவர் 40 லட்சம் சொல்லிவிட்டு, பத்திரத்தில் 30 லட்சம் போட்டுக்கொள்ளலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்றால், பதிவுச் செலவில் மிச்சம் பிடித்ததாகத் தோன்றும். ஆனால் கடன் 30 லட்சத்தை வைத்துத்தான் கணக்காகும், மேலே 10 லட்சம் ரொக்கமாக உங்கள் கையிலிருந்து போகும். சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, சேமிப்பு குறைவாக உள்ளவருக்கு அது கைக்கு எட்டாத பேரமும்கூட.

இனி கார். அப்பாவின் மூட்டு வலிக்காகக் கேட்கிறீர்கள் என்பதால் இதை நான் ஆசை என்று தள்ளவில்லை, ஆனால் கணக்கைக் கடைசிவரை பார்த்துவிடுவோம். ஆன் ரோடு விலை 9 லட்சம் என்று வைத்து 2 லட்சம் முன்பணமாகக் கட்டினால் 7 லட்சம் கடன். 9 விழுக்காட்டில் ஐந்தாண்டுக்குத் தவணை ஏறத்தாழ 14,500. மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் 4,000, காப்பீட்டை மாதக் கணக்கில் பிரித்தால் 2,000, சர்வீஸ், டயருக்கென்று 1,500. மொத்தம் 22,000. உங்கள் மாத மிச்சமான 28,000 ரூபாயில் 6,000 மட்டும் தங்கும். கடன் முடியும் ஐந்தாம் ஆண்டில் காரின் மதிப்பு என்ன ஆகியிருக்கும் என்பதைக் காப்பீட்டுத் துறையே வகுத்து வைத்திருக்கிறது. நான்கு ஆண்டு தாண்டி ஐந்து ஆண்டுக்குள் இருக்கும் வண்டிக்கு, காப்பீட்டுத் தொகை கணக்கிடும்போது விலையில் 50 விழுக்காடு கழித்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய சேதம் வெளியே தெரியாது. உங்கள் சம்பளத்தில் எவ்வளவு தவணைக்குப் போகலாம் என்று வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கும். வங்கிக்கு வங்கி சற்று மாறினாலும், உங்கள் அளவுச் சம்பளத்துக்குப் பாதி என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. அதாவது 36,000. வேறு கடன் இல்லாத நிலையில் 32 லட்சம் வீட்டுக் கடனுக்குத் தவணை 27,800 ரூபாய்க்குள் வருவதால் தடையில்லை. கார்த் தவணை 14,500 ஓடிக்கொண்டிருந்தால் வீட்டுக்கு மிஞ்சுவது 21,500 ரூபாய்தான், அதற்கு வங்கி தரக்கூடியது 25 லட்சத்துக்குள். ஏழு லட்ச ரூபாய்க் கார்க் கடன், வீட்டுக் கடனில் ஏழு லட்சத்துக்கும் மேல் வெட்டிவிடுகிறது, அதே நேரத்தில் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டிய மாதச் சேமிப்பையும் தின்றுவிடுகிறது.

இப்படி ஒருவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிரய ஒப்பந்தத்தின் நகலை மேசையில் விரித்து வைத்திருந்தார், அதன் மேல் புதுக் காரின் சாவி இருந்தது, சாவி வளையத்தில் கடைக்காரர் கட்டிய பிளாஸ்டிக் அட்டைகூட இன்னும் கழற்றப்படவில்லை. வீட்டுக்கு 2 லட்சம் முன்பணம் கொடுத்து மூன்று மாதம் அவகாசம் வாங்கியிருந்தார். கார் எடுத்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. சிபில் அறிக்கையில் கார்க் கடன் தெரிந்ததும் அவர் கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவர் என்னிடம், "ஒரு தவணைகூடத் தவறவில்லையே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தவறாமல் கட்டுவது அவருடைய நாணயத்துக்குச் சான்று, அவருடைய கொள்ளளவுக்குச் சான்று அல்ல என்பதை அவருக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. மீதித் தொகையைத் திரட்ட முடியாமல் ஒப்பந்தக் கெடு கழிந்தது, முன்பணம் போனது. வரிசையை மாற்றியிருந்தால் இரண்டும் அவருக்குக் கிடைத்திருக்கும்: வீட்டுக் கடன் பட்டுவாடா ஆன பிறகு, ஓராண்டு கழித்து, சம்பள உயர்வோடு ஒரு சிறிய காரை அவரால் வாங்கியிருக்க முடியும்.

அப்பாவின் தேவைக்கு நான் சொல்லும் வழி எளியது. இன்றிலிருந்து ஆறு மாதம் ஒரு நோட்டில், கார் இல்லாததால் உண்மையில் சிரமப்பட்ட ஒவ்வொரு பயணத்தையும் தேதியோடு எழுதுங்கள். மாதம் இரண்டு முறை மருத்துவமனைக்கு வாடகைக் கார் வைத்தாலும், ஒரு முறைக்கு 2,500 என்றால் மாதம் 5,000. கடனே இல்லாமல் சொந்தக் கார் நிற்க ஆகும் 7,500 ரூபாயைவிட அது குறைவு. நோட்டில் மாதம் ஐந்தாறு பயணம் ஏறினால், அப்போது தேவை உண்மையானது. திருமணம் முடிந்த பிறகு, நான்கைந்து வயதான பழைய வண்டி ஒன்றைக் கடன் இல்லாமல் 3.5 லட்சத்துக்குள் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். ஏறி இறங்க இருக்கை உயரமான வண்டியா என்று அப்பாவை உட்கார வைத்துப் பார்த்து வாங்குங்கள். அப்படி வாங்கினால் வீடு ஏறத்தாழ ஓராண்டு தள்ளும். அதைத் தெரிந்தே ஏற்பது வேறு, தெரியாமல் ஏற்பது வேறு.

எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். இன்று 14 லட்சம், வைகாசி வரை பத்து மாதத்தில் சேர்வது 2.8 லட்சம், ஆக 16.8 லட்சம். இதில் முதல் 2.5 லட்சத்தை எடுத்து ஒதுக்கி வையுங்கள், அது ஆறு மாத அத்தியாவசியச் செலவு. வேலை போனாலும் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை வந்தாலும் இதுதான் கைகொடுக்கும். இதைத் திருமணத்துக்கும் தொடக்கூடாது, வீட்டுக்கும் தொடக்கூடாது. திருமணத்துக்கு 8.5, பின்வரும் சீர்களுக்கு 1. மீதி 4.8 லட்சம் வீட்டுக்கு. வீட்டுக்கு வேண்டியது 13.6, குறைவது 8.8 லட்சம். மாதம் 28,000 ரூபாயில் அது 31 மாதம். அதற்குள் வீட்டு விலை ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால் நீங்கள் போட வேண்டிய சொந்தப் பணம் மேலும் 1.8 லட்சம் கூடும், அது இன்னும் ஆறேழு மாதம். வட்டியும் சம்பள உயர்வும் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆகவே திருமணம் முடிந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் வீடு. அப்போது உங்களுக்கு வயது 35. வீடு இன்றைய விலையிலேயே கிடைத்தால், கடன் தவணை 27,800 ஆனாலும் வாடகை 11,000 நின்றுவிடும் என்பதால், பெற்றோருக்கு அனுப்புவது குறையாமலே மாதம் 11,000 மிஞ்சும்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தவணைக் கணக்கு, பதிவுச் செலவின் விழுக்காடு, வங்கியின் உச்சவரம்பு இவை இன்றைய நிலையில் உறுதியானவை. வீட்டுக் கடன் வட்டி உறுதியில்லை. இப்போதைய கடன்கள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்டவை, ஏறி இறங்கும். வீட்டு விலை 5 விழுக்காடு ஏறும் என்பது நான் வைத்த ஊகம் மட்டுமே. ஓசூரில் ஒரே சாலையின் இரு பக்கமும் வேறு வேறாக ஏறுவதைப் பார்க்கலாம். இப்போது வாங்காவிட்டால் எப்போதும் வாங்க முடியாது என்று தரகர் சொல்வதை நான் 1990களிலும் கேட்டிருக்கிறேன். ஓர் ஆண்டு முந்தி வாங்குவதற்காக 13 விழுக்காட்டுக் கடனைத் தோளில் ஏற்றுவது ஈடாக, வீட்டு விலை அந்த ஓர் ஆண்டில் எவ்வளவு ஏற வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வீட்டுக் கடன் வாங்கினால் வரி மிச்சம் என்ற வாதத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புதிய வரி முறையில் இருப்பவருக்கு, தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. குடும்பத்துக்குள் யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. அங்கே என் அனுபவம் உங்களுக்கு உதவாது.

சில சூழ்நிலைகளில் இந்த வரிசை தலைகீழாகும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வண்டி சம்பாதித்துக் கொடுப்பதாக இருந்தால், சரக்கு ஆட்டோ ஓட்டுபவருக்கோ ஊர் ஊராகப் போய் விற்பவருக்கோ, வண்டிதான் முதலில், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பணம் அதிலிருந்துதான் வரும். திருமணத்துக்கு வரன் இன்னும் முடிவாகாமல் பேச்சளவில் இருந்தால், தேதி யார் கையிலும் இல்லை என்று பொருள். அப்போது தொகையை ஒதுக்கி வைக்கலாம், செலவிடத் தொடங்கக்கூடாது. நகை எடுப்பதையும் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் பெயரில் தர்மபுரியில் மனை இருந்து, அதில் வீடு கட்டலாம் என்றால், வீட்டுக் கணக்கு முழுதும் மாறும். நிலத்துக்குப் பணம் வேண்டாம், கிரயச் செலவும் இல்லை. ஆனால் அந்த மனையில் தங்கைக்கும் பங்கு உண்டா என்பதைத் திருமணத்துக்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசி, எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பணம் எங்கே கிடக்கிறது என்பதைப் பற்றி. பத்து மாதத்தில் கொடுக்க வேண்டிய பணம் பங்குச் சந்தையில் இருக்கக்கூடாது. 2020 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. பிறகு மீண்டது என்பது உண்மை, ஆனால் வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தவருக்கு அந்த மீட்சி பயன்படவில்லை. மியூச்சுவல் ஃபண்டில் உள்ள 3 லட்சத்தை இப்போதே மெல்ல எடுத்து வங்கிக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு மூன்று ஆண்டு இருந்தாலும், கெடு நெருங்கும் கடைசி ஓராண்டில் அதையும் அப்படியே செய்ய வேண்டும். சீட்டு நடத்துபவர் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கினால், ஏலத்தில் சற்றுத் தள்ளுபடி போனாலும் பரவாயில்லை, முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பணம் கைக்கு வரும்வரை அந்த 2 லட்சத்தைத் திருமணக் கணக்கில் எழுதாதீர்கள்.

9 லட்சம் ஒரே வைப்பாக இருந்தால் முதிர்வுத் தேதியைப் பாருங்கள். வைகாசிக்குப் பிறகு முதிர்வதாக இருந்தால், முன்கூட்டி முறிக்கும்போது வட்டி குறையும். இப்போதே அதை மூன்றாகப் பிரித்துவிடுவது நல்லது: ஒன்று மண்டபத்துக்கும் முதல் பாதி நகைக்கும், ஒன்று பங்குனியில் முதிரும்படி மீதி நகைக்கும் துணிமணிக்கும், ஒன்று சித்திரைக் கடைசியில் முதிரும்படி சமையல், போக்குவரத்து, இதர பட்டுவாடாவுக்கு. அவசரகாலத்துக்கான 2.5 லட்சம் இவற்றோடு சேராமல் வேறொரு கணக்கில், அம்மாவின் பெயரையும் சேர்த்து இருக்கட்டும். ஏதோ காரணத்தால் வைகாசி முகூர்த்தம் தவறி, ஆனியும் அமையாமல் ஆவணிக்குப் போனால், சித்திரையில் முதிரும் வைப்பை மூன்று மாதத்துக்கு மட்டும் புதுப்பியுங்கள், ஓராண்டுக்குப் போடாதீர்கள். அந்த இடைவெளியில் பணம் சும்மா இருக்கிறதே என்று கார்க் கடைக்கு முன்பணம் கட்டிவிடவும் வேண்டாம்.